இரண்டு சோதனை, ஆறு அளவு: டிரான்ஸ்பார்மரின் சமானச் சுற்றைக் கண்டுபிடிப்பது எப்படி?

25 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் ஒன்றை முழு சுமையில் ஓட்டி அதன் திறனைச் சோதிக்க வேண்டுமென்றால், அத்தனை பெரிய சுமையும் அதற்கேற்ற மின்சாரமும் வேண்டும். அவ்வளவும் கிடைத்தாலும் பதில் சரியாக வராது. வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கி வருவதில் உண்மையாக வேலை செய்யும் பங்குக்குப் பவர் ஃபேக்டர் என்று பெயர்; 0.8 பவர் ஃபேக்டரில் அது 20,000 வாட் வெளியே கொடுக்கும், ஏறக்குறைய 20,500 வாட் உள்ளே வாங்கும். நாம் தேடுவது இடையில் இருக்கும் 500 வாட். இரண்டு பக்கத்து மீட்டர்களிலும் அரை சதவீதப் பிழை இருந்தாலே பக்கத்துக்கு 100 வாட் தவறு வரும். இரண்டும் எதிரெதிர்த் திசையில் அமைந்துவிட்டால் 500 வாட் இழப்பை 300 என்றோ 700 என்றோ படிக்க நேரும்.

அதனால் தொழிற்சாலைகளும் ஆய்வுக்கூடங்களும் சுமையே ஏற்றாமல் இழப்பை மட்டும் தனியாக அளக்கின்றன. திறந்த சுற்றுச் சோதனை, குறுக்குச் சுற்றுச் சோதனை என்ற இரண்டும் அதற்குத்தான். ஓப்பன் சர்க்யூட் டெஸ்ட், ஷார்ட் சர்க்யூட் டெஸ்ட் என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும். எதுவும் இணைக்காத ஒரு பக்கமும், வேண்டுமென்றே ஷார்ட் செய்த ஒரு பக்கமும் ஓடுகிற டிரான்ஸ்பார்மரைப் பற்றி எப்படிச் சொல்ல முடியும் என்பதுதான் பலருக்கும் குழப்பம். அதற்கு விடை சமானச் சுற்றில் இருக்கிறது.

## சமானச் சுற்று என்றால் என்ன?

டிரான்ஸ்பார்மருக்குள் நடக்கும் காந்தச் செயல்களைச் சில மின்தடைகளாகவும் ரியாக்டன்ஸ்களாகவும் வரைந்து காட்டுவதே சமானச் சுற்று. ரியாக்டன்ஸ் என்பது சுருளின் காந்தப்புலத்தால் மாறுமின்னோட்டத்துக்கு ஏற்படும் தடுப்பு. அது மின்சக்தியை வெப்பமாக்கி இழப்பதில்லை. மின்தடை இழக்கும். இரண்டும் சேர்ந்த மொத்தத் தடுப்புக்கு இம்பிடன்ஸ் என்று பெயர்.

இந்தச் சுற்றில் இரண்டு கிளைகள் உண்டு.

1. இணைக் கிளை. இரும்பு உள்ளகத்தைக் காந்தமாக்க ஓடும் மின்னோட்டம் இதன் வழியே போகிறது. இதில் `Rc` என்ற மின்தடை உள்ளகத்தில் வீணாகும் சக்தியைக் குறிக்கிறது. `Xm` என்ற ரியாக்டன்ஸ் காந்தமாக்கும் வேலையைக் குறிக்கிறது. மின்னழுத்தம் இருக்கும் வரை இந்தக் கிளை வேலை செய்துகொண்டே இருக்கும், சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும்.

2. தொடர் கிளை. சுமையின் மின்னோட்டம் முழுவதும் இதைக் கடந்துதான் போக வேண்டும். `Req` என்பது இரண்டு சுருள்களின் மின்தடை. `Xeq` என்பது ஒரு சுருளைச் சுற்றி மற்றதைத் தொடாமல் கசியும் காந்தப்புலத்தின் விளைவு. இவை இரண்டு பக்கச் சுருள்களுக்கும் சேர்த்து ஒரே பக்கத்துக்கு மாற்றி எழுதிய மதிப்புகள்.

ஆக, கண்டுபிடிக்க வேண்டியவை நான்கு. கையில் இருப்பவை ஒரு வோல்ட்மீட்டர், ஒரு அம்மீட்டர், ஒரு வாட்மீட்டர். ஒரு சோதனையில் மூன்று அளவுகள் கிடைக்கும், இரண்டு சோதனையில் ஆறு.

## இரண்டு கிளைகளையும் பிரிக்க முடிவது எதனால்?

சாதாரண டிரான்ஸ்பார்மரில் இணைக் கிளையின் இம்பிடன்ஸ் தொடர் கிளையுடையதைப் போல நூறு மடங்குக்கும் மேல், பல நேரங்களில் ஆயிரம் மடங்கு இருக்கும். இந்த இடைவெளி இருப்பதால்தான் இந்த முறை பலிக்கிறது. மறுபக்கத்தைத் திறந்து வைத்தால் மின்னோட்டம் இணைக் கிளை வழியாக மட்டுமே ஓடும். அந்தச் சிறிய மின்னோட்டம் தொடர் கிளையில் ஏற்படுத்தும் இழப்பைக் கணக்கில் எடுக்கவே வேண்டாம். மறுபக்கத்தை ஷார்ட் செய்தால் நிலைமை தலைகீழாகும். சிறிய மின்னழுத்தமே போதுமான மின்னோட்டத்தை ஓட்டிவிடும். அவ்வளவு சிறிய மின்னழுத்தத்தில் உள்ளகம் கிட்டத்தட்டக் காந்தமாகாமலே கிடக்கும்.

உள்ளகத்தின் இழப்பு மின்னழுத்தத்தைப் பொறுத்தது. சுருள்களின் இழப்பு மின்னோட்டத்தைப் பொறுத்தது. முழு மின்னழுத்தத்தில் ஒன்றையும் முழு மின்னோட்டத்தில் மற்றதையும் அளந்தால் போதும், இரண்டும் ஒரே நேரத்தில் முழு அளவில் இருக்கத் தேவையில்லை. 25 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரைச் சில நூறு வாட் மின்சாரத்தில் சோதித்துவிட முடிவது இதனால்தான்.

ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம். ஒற்றைக் கட்ட டிரான்ஸ்பார்மர் ஒன்று: 25 கே.வி.ஏ., 11,000/250 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். உயர் அழுத்தப் பக்கத்தின் முழு மின்னோட்டம் 2.27 ஆம்பியர், குறை அழுத்தப் பக்கத்துக்கு 100 ஆம்பியர். இரண்டு சுருள்களின் சுற்று எண்ணிக்கை விகிதம் 44. இது விளக்கத்துக்காக நான் அமைத்துக்கொண்ட எடுத்துக்காட்டு. அளவுகள் 25 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரில் எதிர்பார்க்கக்கூடிய வரம்பில்தான் இருக்கின்றன.

## திறந்த சுற்றுச் சோதனை

மின்சாரத்தைக் குறை அழுத்தப் பக்கத்தில் கொடுக்கிறோம், உயர் அழுத்தப் பக்கத்தைத் திறந்து வைக்கிறோம். காரணம் எளிது. 250 வோல்ட் எந்த ஆய்வுக்கூடத்திலும் கிடைக்கும். 11,000 வோல்ட் பக்கத்தில் கொடுத்தால் அந்த அழுத்தத்துக்கு மூலமும் வேண்டும், நூறில் சில பங்கு ஆம்பியரை அளக்கும் மீட்டரும் வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கை. நாம் கொடுப்பது 250 வோல்ட்தான் என்றாலும் திறந்திருக்கும் மறுபக்க முனைகளில் முழு 11,000 வோல்ட் நிற்கும். அந்த முனைகளில் எதுவும் இணைக்கப்படவில்லை என்பதால் அவை ஆபத்தில்லாதவை ஆகிவிடாது. சோதனை தொடங்கும் முன்பே அந்தப் பக்கத்தை யாரும் நெருங்காதபடி தடுக்க வேண்டும்.

முழு மதிப்பான 250 வோல்ட்டைக் கொடுத்ததும் மீட்டர்கள் காட்டுவது: மின்னோட்டம் 2.0 ஆம்பியர், சக்தி 80 வாட். கணக்கு இப்படிப் போகும்:

```
Ic = P/V  = 80/250         = 0.32 A
Im = √(I² − Ic²)
   = √(2² − 0.32²)         = 1.974 A
Rc = V/Ic = 250/0.32       = 781 Ω
Xm = V/Im = 250/1.974      = 126.6 Ω
```

80 வாட் அப்படியே உள்ளகத்தின் இழப்பா? குறை அழுத்தச் சுருளின் மின்தடை சுமார் 0.02 ஓம் என்று வைத்தால் 2 ஆம்பியர் அதில் இழப்பது ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதனால் 80 வாட் முழுவதையும் உள்ளகத்தின் கணக்கில் சேர்க்கலாம்.

முழு மின்னழுத்தம் கொடுத்தாக வேண்டும் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். `Xm` மாறாத எண் அல்ல. இரும்பு காந்த நிறைவை, அதாவது இதற்கு மேல் எளிதில் காந்தமாகாத நிலையை, நெருங்கும்போது மின்னழுத்தம் பத்து சதவீதம் கூடினாலே காந்தமாக்கும் மின்னோட்டம் அதைவிடப் பல மடங்கு வேகமாக ஏறும். 126.6 ஓம் என்பது 250 வோல்ட்டில், 50 ஹெர்ட்ஸில் மட்டும் பொருந்தும் மதிப்பு. 200 வோல்ட்டில் அளந்துவிட்டு விகிதப்படி 250-க்கு நீட்டினால் தப்பாகத்தான் வரும்.

## குறுக்குச் சுற்றுச் சோதனை

இப்போது பக்கம் மாறுகிறது. குறை அழுத்த முனைகளைத் தடித்த செம்புப் பட்டையால் ஷார்ட் செய்கிறோம், உயர் அழுத்தப் பக்கத்தில் மின்சாரம் கொடுக்கிறோம். 2.27 ஆம்பியரையும் சில நூறு வோல்ட்டையும் கையாள்வது எளிது. மாறாகக் குறை அழுத்தப் பக்கத்தில் கொடுத்திருந்தால் 10 வோல்ட்டில் 100 ஆம்பியர் தரும் மூலம் தேவைப்பட்டிருக்கும்.

மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக்கைச் சுழியில் வைத்துத் தொடங்கி, அம்மீட்டரைப் பார்த்துக்கொண்டே மெல்ல ஏற்ற வேண்டும். முழு மின்னோட்டம் வந்ததும் நிறுத்தவும். மின்னழுத்தம் 440 வோல்ட், மின்னோட்டம் 2.27 ஆம்பியர், சக்தி 430 வாட் என்று வந்ததாகக் கொள்வோம்.

```
Zeq = V/I  = 440/2.27      = 193.8 Ω
Req = P/I² = 430/2.27²     = 83.4 Ω
Xeq = √(Zeq² − Req²)       = 175 Ω
```

இவை 11,000 வோல்ட் பக்கத்து மதிப்புகள். 250 வோல்ட் பக்கத்துக்குக் கொண்டுபோக 44-இன் வர்க்கமான 1936-ஆல் வகுக்க வேண்டும்: `Req` 0.0431 ஓம், `Xeq` 0.0904 ஓம், `Zeq` 0.1 ஓம். அதே பக்கத்தில் இணைக் கிளையின் இம்பிடன்ஸ் 250/2 = 125 ஓம். நம் எடுத்துக்காட்டில் இடைவெளி 1250 மடங்கு.

சரி, 430 வாட்டில் உள்ளகத்தின் பங்கு எவ்வளவு? கொடுத்த 440 வோல்ட் என்பது 11,000-இல் 4 சதவீதம். அதில் ஏறக்குறையப் பாதி மட்டுமே உள்ளகத்தைக் காந்தமாக்கும், அதாவது 2 சதவீதம். இழப்பு தோராயமாக மின்னழுத்தத்தின் வர்க்கப்படி குறைவதால் 80 வாட்டில் பத்தாயிரத்தில் நான்கு பங்கு, 0.03 வாட். விட்டுவிடலாம்.

`Req`-ஐப் பற்றி ஒரு விஷயம். சுருள்களை டி.சி. கொண்டு அளந்தால் வரும் மின்தடையைவிட இது சற்று அதிகமாக இருக்கும். கசியும் காந்தப்புலம் தொட்டியின் சுவரிலும் இரும்புப் பிடிப்புகளிலும் கடத்திகளுக்குள்ளும் சுழல் மின்னோட்டங்களை உண்டாக்குகிறது. அந்தச் சிதறல் இழப்பும் வாட்மீட்டரில் சேர்ந்தே வரும். ஓடும்போதும் இந்த இழப்பு இருக்கத்தான் போகிறது, எனவே இதைச் சேர்த்து எடுப்பதுதான் சரி.

## இந்த எண்களால் என்ன தெரிகிறது?

1. திறன். முழு சுமையில் மொத்த இழப்பு 80 + 430 = 510 வாட். 0.8 பவர் ஃபேக்டரில் திறன் 20,000/20,510, அதாவது 97.5 சதவீதம். உள்ளகத்தின் இழப்பும் சுருளின் இழப்பும் சமமாகும் இடத்தில் திறன் உச்சமாக இருக்கும். √(80/430) = 0.43. ஆகவே இந்த டிரான்ஸ்பார்மர் 10.8 கே.வி.ஏ. சுமையில்தான் மிகச் சிறப்பாக ஓடும். கிராமத்துத் தெருவில் நிற்கும் டிரான்ஸ்பார்மர் பெரும்பாலான நேரம் அரைச் சுமைக்குக் கீழேதான் ஓடும். உச்சம் அந்தப் பக்கத்தில் அமைந்திருப்பது தெரிந்தே செய்யப்படும் வடிவமைப்பு. சுமையே இல்லாத இரவிலும் அந்த 80 வாட் போய்க்கொண்டிருக்கும். ஆண்டு முழுதும் சேர்த்தால் 700 யூனிட் ஆகிறது.

2. மின்னழுத்தம் எவ்வளவு இறங்கும். `Req` முழு மின்னோட்டத்தில் 1.72 சதவீதமும் `Xeq` 3.61 சதவீதமும் இறக்குகின்றன. 0.8 பின்தங்கிய பவர் ஃபேக்டரில் 1.72 × 0.8 + 3.61 × 0.6 = 3.54 சதவீதம். சுமை இல்லாமல் 250 வோல்ட் இருந்த இடத்தில் முழு சுமையில் 241 வோல்ட்தான் கிடைக்கும். மோட்டார் பம்ப் ஓடத் தொடங்கியதும் விளக்கு மங்குவதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

3. ஷார்ட் ஆனால் எவ்வளவு ஓடும். பெயர்ப்பலகையில் எழுதப்படும் "சதவீத இம்பிடன்ஸ்" என்பது 440/11,000 = 4 சதவீதம் என்ற இதே எண்தான். 4 சதவீத அழுத்தம் முழு மின்னோட்டத்தை ஓட்டினால் முழு அழுத்தம் 25 மடங்கை ஓட்டும். குறை அழுத்த முனையிலேயே ஷார்ட் ஆனால் 2,500 ஆம்பியர் வரை ஓடலாம். ஃபியூஸையும் பிரேக்கரையும் தேர்வு செய்பவர் முதலில் பார்க்கும் எண் இது. இரண்டு டிரான்ஸ்பார்மர்களை இணையாக ஓட்டும்போது சுமை எப்படிப் பங்காகும் என்பதையும் இதுதான் தீர்மானிக்கிறது.

## அளவு எங்கே தவறுகிறது?

அதிகம் கவனிக்காமல் விடப்படுவது ஷார்ட் செய்யும் பட்டை. அது 100 ஆம்பியரைச் சுமக்கிறது. போல்ட் தளர்ந்து அந்த இணைப்பில் வெறும் 0.005 ஓம் இருந்தால் அங்கே 0.005 × 100² = 50 வாட் போகும். வாட்மீட்டர் அதையும் டிரான்ஸ்பார்மரின் இழப்பாகவே காட்டும். 430 என்பது 480 ஆகிவிடும், 12 சதவீதப் பிழை. உயர் அழுத்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த 0.005 ஓம் கிட்டத்தட்ட 10 ஓமாகத் தெரிகிறது. இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. ஷார்ட் செய்த டிரான்ஸ்பார்மர் முனைகள் இரண்டுக்கும் இடையே உள்ள மின்னழுத்தத்தை மில்லிவோல்ட்மீட்டரால் அளந்து பாருங்கள். 500 மில்லிவோல்ட் காட்டினால் பட்டையை இறுக்கிவிட்டுச் சோதனையை மறுபடி செய்ய வேண்டியதுதான். ஷார்ட் பாதையில் அம்மீட்டரை வைப்பதும் இதே தவறைத்தான் உண்டாக்கும்.

அடுத்தது வாட்மீட்டர். திறந்த சுற்றுச் சோதனையில் பவர் ஃபேக்டர் 80/(250 × 2) = 0.16. 300 வோல்ட், 5 ஆம்பியர் அளவுள்ள சாதாரண ஊசி வாட்மீட்டரின் முழு அளவு 1,500 வாட். அதில் 80 வாட் தொடக்கக் கோட்டருகே ஒட்டிக்கொண்டிருக்கும், சரியாகப் படிக்க முடியாது. குறைந்த பவர் ஃபேக்டருக்கென்றே உள்ள வாட்மீட்டர் 0.2 பவர் ஃபேக்டருக்கு அளவிடப்பட்டது. அதன் முழு அளவு 300 வாட், 80-ஐத் தெளிவாகப் படிக்கலாம். இரண்டு சோதனைக்கும் ஒரே வாட்மீட்டரைப் பயன்படுத்தும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. வாட்மீட்டருக்குள் மின்னழுத்தத்தை அளக்கும் அழுத்தச் சுருளை எங்கே இணைப்பது என்பதும் மாறலாம். திறந்த சுற்றில் மூலத்தின் பக்கம் இணைத்தால் மீட்டரின் மின்னோட்டச் சுருளில் போகும் மிகச் சிறிய இழப்பு மட்டுமே கூடுதலாகச் சேரும். குறுக்குச் சுற்றில் மின்னோட்டம் மிக அதிகமாகவும் அழுத்தம் மிகக் குறைவாகவும் இருந்தால் டிரான்ஸ்பார்மரின் பக்கம் இணைப்பதே சரி.

வெப்பநிலையும் கணக்கில் வர வேண்டும். அறையில் குளிர்ந்து கிடந்த டிரான்ஸ்பார்மரை 30 டிகிரியில் அளந்தால் சுருளின் மின்தடை ஓடும் நிலையைவிடக் குறைவு. வழக்கமாக 75 டிகிரிக்கு மாற்றிச் சொல்வார்கள். செம்புச் சுருளுக்குப் பெருக்கும் எண் (235 + 75)/(235 + 30) = 1.17. அலுமினியத்துக்கு 235-க்குப் பதில் 225. ஆனால் 430 முழுவதையும் 1.17-ஆல் பெருக்கக் கூடாது. சூடேறும்போது மின்தடை இழப்பு கூடும், சுழல் மின்னோட்டத்தால் வரும் சிதறல் இழப்பு குறையும். டி.சி. அளவுப்படி 400 வாட் மின்தடை இழப்பு, மீதி 30 வாட் சிதறல் என்றால், 400 × 1.17 = 468, 30/1.17 = 25.6, ஆக மொத்தம் சுமார் 494 வாட். `Xeq` வெப்பத்தால் மாறாது.

திறந்த சுற்று மின்னோட்டம் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்தால் உடனே சுருள் கெட்டுவிட்டதென்று முடிவுகட்ட வேண்டாம். அதற்கு முன் டி.சி. மின்தடை அளந்திருந்தால் உள்ளகத்தில் காந்தம் மிச்சமிருந்து மின்னோட்டத்தைக் கூட்டியிருக்கலாம். காந்தத்தை நீக்கிவிட்டு மீண்டும் அளந்தால் அது சரியாகிவிடும். சுருளின் சுற்றுகளுக்கிடையே காப்பு உடைந்து ஒரு சுற்று ஷார்ட் ஆகியிருந்தால் மின்னோட்டத்தோடு வாட்டும் தெளிவாக ஏறும், மறுபடி அளந்தாலும் இறங்காது.

மூன்று கட்ட டிரான்ஸ்பார்மரிலும் வழி இதுதான். மொத்த வாட்டை மூன்றால் வகுத்து, ஸ்டார் இணைப்பானால் வரி மின்னழுத்தத்தை √3-ஆல் வகுத்து, ஒரு கட்டத்துக்கான மதிப்புகளைக் கொண்டு கணக்கிட வேண்டும். மின்னழுத்தத்தை வகுக்காமல் விட்டால் `Zeq` 1.73 மடங்கு பெரிதாக வந்து நிற்கும்.

## இந்தச் சோதனைகள் சொல்லாதவை

`Req`-இல் எவ்வளவு முதன்மைச் சுருளுடையது, எவ்வளவு துணைச் சுருளுடையது என்று குறுக்குச் சுற்றுச் சோதனை பிரித்துக் காட்டாது. மின்தடையை டி.சி. அளவால் பிரிக்கலாம். `Xeq`-ஐப் பிரிக்க இந்தச் சோதனைகளில் வழியில்லை. ஒரே பக்கத்துக்கு மாற்றியபின் பாதி பாதி என்று வைத்துக்கொள்வது வெறும் வசதிக்காகத்தான். உள்ளகத்தின் 80 வாட்டில், இரும்பின் காந்தத் திசை மாறி மாறித் திரும்புவதால் வரும் ஹிஸ்டெரிசிஸ் இழப்பு எவ்வளவு, சுழல் மின்னோட்டம் எவ்வளவு என்றும் தெரியாது. அதைப் பிரிக்க அதிர்வெண்ணை மாற்றி மாற்றி அளக்க வேண்டும்.

முழு சுமையில் எண்ணெய் எவ்வளவு சூடேறும் என்பதற்கும் இவற்றில் விடை இல்லை. ஒன்றில் சுருள் குளிர்ந்திருக்கிறது, மற்றதில் உள்ளகம் குளிர்ந்திருக்கிறது. ஒரே மாதிரியான இரண்டு டிரான்ஸ்பார்மர்கள் இருந்தால் அவற்றை முதுகோடு முதுகாக இணைத்துச் செய்யும் சம்ப்னர் சோதனை இரண்டு இழப்புகளையும் ஒரே நேரத்தில் முழு அளவில் உண்டாக்கும். நம் எடுத்துக்காட்டில் இரண்டு டிரான்ஸ்பார்மர்களுக்கும் சேர்த்து சுமார் 1,020 வாட் மட்டும் மூலத்திலிருந்து எடுத்துக்கொண்டு, வெப்பம் நிலைப்படும் வரை மணிக்கணக்கில் ஓடவிட்டு எண்ணெயின் சூட்டைப் பார்க்கலாம்.